8 வயது, 18 வயது: குழந்தைகளுக்கான இரண்டு ஆன்டிபயாடிக் வரம்புகள்

கார்த்திகை அடைமழை சற்று ஓய்ந்து, சம்பாப் பயிர் கதிர் வாங்கும் நாட்களில், காவிரி டெல்டாவில் குழந்தை மருத்துவம் பார்க்கும் எங்களில் பெரும்பாலோர் ஒரு குறிப்பிட்ட காய்ச்சலை எதிர்பார்த்தே இருப்போம். சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு மார்கழித் தொடக்கத்தில், திருவாரூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 6 வயதுப் பையன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு அவனுடைய தந்தையும் அப்பாயியும் வந்தார்கள். காய்ச்சல் தொடங்கி ஆறு நாட்கள் ஆகியிருந்தன. நான்கு நாட்களாக அமாக்சிசிலின் சிரப் கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை. டெங்குப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. ஆனால் ரத்தத் தட்டணுக்கள் 90,000 ஆகக் குறைந்திருந்தன. வயிற்றைத் தொட்டுப் பார்த்தபோது மண்ணீரல் கையில் தட்டுப்பட்டது.

இந்தப் பருவத்தில் இப்படிப்பட்ட காய்ச்சலோடு வரும் குழந்தையின் உடைகளை முழுவதும் களைந்து, அக்குள், தொடை இடுக்கு, காதின் பின்புறம், விதைப்பை என்று மடிப்புகள் அனைத்தையும் பார்ப்பது எங்கள் வழக்கம். அவனுக்கு எல்லா இடங்களும் சுத்தமாக இருந்தன. கடைசியாக அரைஞாண் கயிற்றைச் சற்று மேலே தூக்கியபோது, அதன் கீழே மிளகளவில் ஒரு கருப்புப் பொருக்கு இருந்தது. பீடி நெருப்புப் பட்டுக் கருகியதுபோல நடுவில் கருப்பும் சுற்றிலும் மெல்லிய சிவப்பு வளையமுமாக இருந்த அதைத் தொட்டால் அவனுக்கு வலிக்கவும் இல்லை, அரிக்கவும் இல்லை. அதனால்தான் வீட்டில் எவரும் அதைக் கவனித்திருக்கவில்லை. நாளிதழ்களில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதப்படும் ஸ்க்ரப் டைபஸ் நோயின் அடையாளம் அது. வயல் எலிகளின் மீதும் வரப்புப் புல்லிலும் வாழும், கண்ணுக்கு எளிதில் தென்படாத சிற்றுண்ணியின் இளம் பருவம் கடித்த இடம்தான் அப்படிக் கருகும். அது தோலின் மீது ஊர்ந்து போய், ஆடையோ கயிறோ இறுக்கமாக இருக்கும் இடத்தில் தங்கிக் கடிக்கும் வழக்கமுடையது.

நான் டாக்சிசைக்ளின் எழுதிக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் தந்தை சீட்டோடு திரும்பி வந்தார். “டாக்டர், கோவிச்சுக்காதீங்க. எட்டு வயசுக்குக் கீழ இந்த மாத்திரை குடுக்கவே கூடாதாம், பல்லெல்லாம் மஞ்சளாப் போயிடுமாம், மெடிக்கல்ல சொல்றாங்க” என்றார். மருந்துக் கடைக்காரர் தவறாகச் சொல்லவில்லை. அவர் படித்த பாடத்திலும், மருந்துடன் வரும் தாளிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்த எட்டு வயது எதற்காக வந்தது, எந்த மருந்தைப் பார்த்து வந்தது என்பது தெரிந்தால்தான், இந்தப் பையனுக்கு அது பொருந்துமா என்று சொல்ல முடியும். தந்தையின் கையிலிருந்த மஞ்சப்பையில் இன்னொரு மருந்து பாட்டிலும் இருந்தது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

பல்லுக்குள் நிறம் எப்படிப் போகிறது

டெட்ராசைக்ளின் என்பது ஒரே ஒரு மருந்தின் பெயராகவும், அதைச் சார்ந்த ஒரு குடும்பத்தின் பெயராகவும் வழங்குகிறது. 1948இல் புழக்கத்துக்கு வந்த குளோர்டெட்ராசைக்ளின் இந்தக் குடும்பத்தின் முதல் மருந்து. அதன் பிறகு டெட்ராசைக்ளின், டாக்சிசைக்ளின், மினோசைக்ளின் ஆகியவை வந்தன. கிருமி தனக்கு வேண்டிய புரதத்தைத் தயாரிக்கும் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, அந்த வேலையை நிறுத்திவிடுவதே இவை அனைத்தின் செயல்முறை.

இந்தக் குடும்பத்துக்குக் கால்சியத்தின் மீது பெரும் பற்று உண்டு. ரத்தத்தில் இருக்கும் மருந்து, எங்கெல்லாம் கால்சியம் புதிதாகப் படிந்துகொண்டிருக்கிறதோ அங்கெல்லாம் அதைப் பற்றிக்கொண்டு தானும் படிந்துவிடும். வளர்ந்தவரின் பல்லில் அப்படிப் படிவதற்கு இடமே இல்லை. ஏனென்றால் பல்லின் தலைப்பகுதி உருவாகி முடிந்த பிறகு அங்கே வெளியே தெரியும்படி புதிய கால்சியம் அடுக்குகள் சேர்வதில்லை. குழந்தையின் கதை வேறு. வெளியே பால் பற்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, ஈறுக்குள் நிரந்தரப் பற்கள் அடுக்கடுக்காகக் கட்டப்பட்டுக்கொண்டிருக்கின்றன. அந்த நேரத்தில் மருந்து போனால், பல்லின் மேற்பூச்சுக்கு அடியில் உள்ள தந்தினி என்னும் பகுதியில், அன்றன்று கட்டப்பட்ட அடுக்கோடு அதுவும் சேர்ந்து இறுகிவிடும்.

வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலப்பதை நம் ஊரில் எல்லோரும் பார்த்திருப்போம். காய்ந்த சுவரில் நீலத்தண்ணீர் தெறித்தால் துடைத்துவிடலாம்; ஈரச் சுண்ணாம்பிலேயே கலந்து அடித்துக் காயவிட்ட நீலத்தை எந்தத் துணியாலும் துடைக்க முடியாது. பல் துலக்கினாலோ பல் மருத்துவர் மேலே சுத்தம் செய்தாலோ டெட்ராசைக்ளின் கறை போகாததற்கு இதுதான் காரணம். அது பல்லின் மேலே ஒட்டிய கறையாக இல்லாமல், பல்லின் உடலாகவே ஆகிவிடுகிறது.

ஈறிலிருந்து முளைக்கும்போது அந்தப் பல் மஞ்சளாக இருக்கும். புற ஊதா விளக்கின் கீழ் ஒளிரும். பிறகு வெளிச்சம் படப் பட, படிந்த மருந்து சிதைந்து பழுப்பாகவும் சாம்பல் நிறமாகவும் மாறும். உதட்டுக்கு வெளியே அதிகம் தெரியும் முன்பற்கள் முதலில் கருக்கும். மருந்து கொடுக்கப்பட்ட காலத்தில் எந்த அடுக்கு கட்டப்பட்டதோ அந்த அடுக்கில் மட்டும் பட்டையாக நிறம் நிற்பதால், பட்டை இருக்கும் இடத்தைப் பார்த்தே எந்த வயதில் மருந்து கொடுக்கப்பட்டது என்று ஓரளவு கணிக்க முடியும். நெல் பத்தாயத்தின் உட்சுவரில் ஒவ்வோராண்டும் நெல் நின்ற மட்டத்தின் தடம் இருப்பதுபோல.

இது முதலில் மருத்துவ இதழ்களில் பதிவானது 1956இல். நுரையீரலில் ஓயாமல் தொற்று வரும் ஒரு பரம்பரை நோயுள்ள குழந்தைகளுக்கு, மாதக்கணக்கில், திரும்பத் திரும்ப டெட்ராசைக்ளின் கொடுக்கப்பட்டிருந்தது. அவர்களுடைய பற்களில்தான் இந்த நிறமாற்றம் கவனிக்கப்பட்டது. பின்னர் வந்த ஆய்வுகளும் ஒன்றைத் தெளிவாக்கின: கறையின் அளவு, மொத்தம் எவ்வளவு மருந்து போயிருக்கிறது, எத்தனை முறை போயிருக்கிறது என்பதைப் பொறுத்துக் கூடுகிறது. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் பையனின் வழக்கு இதன்மீதுதான் நிற்கிறது.

எட்டு வயது என்ற எண்ணும் பல் கட்டப்படும் கால அட்டவணையிலிருந்து வந்ததே. நிரந்தர முன்பற்களில் கால்சியம் படிவது குழந்தை பிறந்து மூன்று நான்கு மாதங்களில் தொடங்கி, அவற்றின் தலைப்பகுதி 4 அல்லது 5 வயதில் முடிந்துவிடுகிறது. கோரைப்பற்களுக்கு 6 அல்லது 7 வயது வரை ஆகும். இரண்டாம் கடைவாய்ப் பற்கள் 7, 8 வயதில் முடிகின்றன. ஞானப்பல் மட்டும் அதற்குப் பிறகும் உருவாகும். ஆனால் வாயின் கடைக்கோடியில் கிடக்கும் அதன் நிறத்தை எவரும் பார்ப்பதில்லை. ஆகவே கண்ணுக்குத் தெரியும் எல்லாப் பற்களும் கட்டி முடிக்கப்படும் வயதாக எட்டை வைத்துக் கோடு கிழித்தார்கள். பால் பற்கள் கருவிலேயே கட்டப்படுவதால், கர்ப்பத்தின் பிற்பாதியிலும் இந்தக் குடும்பத்து மருந்துகளைத் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

எலும்பும் கால்சியத்தால் ஆனதுதானே என்று சிலர் கேட்பார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு அதிக அளவில் டெட்ராசைக்ளின் கொடுத்தபோது கால் எலும்பின் வளர்ச்சி மெதுவானது உண்மை. மருந்தை நிறுத்தியதும் அது சரியாகிவிட்டது. எலும்பு வாழ்நாள் முழுவதும் தன்னை உடைத்துக் கட்டிக்கொண்டே இருக்கிறது. பல்லுக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் வயது வரம்பு எலும்பை வைத்துக் குறிக்கப்படாமல் பல்லை வைத்துக் குறிக்கப்பட்டது.

டாக்சிசைக்ளின் அந்தக் கோட்டுக்குள் எப்படி வந்தது

டாக்சிசைக்ளின் 1967இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது, அது அண்ணன் செய்த குற்றத்தைத் தம்பியின் தலையிலும் எழுதியது போலத்தான் ஆயிற்று. டெட்ராசைக்ளின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதற்காகவே பழைய எச்சரிக்கை அப்படியே அதன் தாளிலும் அச்சாயிற்று. டாக்சிசைக்ளின் குழந்தைகளின் பல்லைக் கறையாக்குகிறதா என்று தனியாகப் பார்த்துவிட்டு எழுதப்பட்ட எச்சரிக்கை அல்ல அது.

இரண்டு மருந்துக்கும் முக்கியமான வேறுபாடுகள் உண்டு. டாக்சிசைக்ளின், பழைய டெட்ராசைக்ளினைக் காட்டிலும் கால்சியத்தோடு மிகக் குறைவாகவே ஒட்டுகிறது. அதைவிடப் பெரிய வேறுபாடு அளவில் இருக்கிறது. பழைய டெட்ராசைக்ளினைக் குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 முதல் 50 மில்லிகிராம் வரை, நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுத்தார்கள். டாக்சிசைக்ளினுக்கு ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ நாலரை மில்லிகிராம் போதும். அதையும் மாதக்கணக்கில் கொடுப்பதில்லை. இந்தக் காய்ச்சலுக்கு ஒரு வாரம்தான். கறையின் அளவு மொத்த மருந்தைப் பொறுத்தது என்று முன்னே சொன்னதை இங்கே பொருத்திப் பார்த்தால், கவலை எவ்வளவு சுருங்குகிறது என்பது விளங்கும்.

இது கணக்கு மட்டும்தானா, நேரில் பார்த்தவர்கள் உண்டா? உண்டு. அமெரிக்கப் பழங்குடியினர் வாழும் ஒரு பகுதியில், உண்ணி மூலம் பரவும் கடுமையான புள்ளிக் காய்ச்சலுக்காக எட்டு வயதுக்கு முன்பே டாக்சிசைக்ளின் எடுத்துக்கொண்ட 58 குழந்தைகளின் நிரந்தரப் பற்களைப் பல் மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். அந்த மருந்தே எடுத்திராத 213 குழந்தைகளின் பற்களோடு ஒப்பிட்டார்கள். யார் மருந்து எடுத்தவர், யார் எடுக்காதவர் என்பது பரிசோதித்தவர்களுக்குச் சொல்லப்படவில்லை. 2015இல் வெளியான அந்த ஆய்வில், மருந்து எடுத்த குழந்தைகளில் ஒருவருக்குக்கூட டெட்ராசைக்ளின் கறை இல்லை. 58 என்பது பெரிய எண் அன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பழைய டெட்ராசைக்ளினைப் போல இதுவும் கறைபடுத்துமானால் அந்த எண்ணிக்கையிலேயே வெளிப்பட்டிருக்கும். 2018இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் தன் பரிந்துரையை மாற்றி, 21 நாட்கள் வரையிலான டாக்சிசைக்ளினை எந்த வயதுக் குழந்தைக்கும் கொடுக்கலாம் என்று எழுதியது. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், இவ்வகைக் காய்ச்சல்களுக்குக் குழந்தைகளுக்கான டாக்சிசைக்ளின் அளவை எடைக்கணக்கில் கொடுத்திருக்கிறது.

இந்தத் தளர்வு டாக்சிசைக்ளினுக்கு மட்டும், அதுவும் குறுகிய காலத்துக்கு மட்டும். பழைய டெட்ராசைக்ளின் காப்ஸ்யூலுக்கும் மினோசைக்ளினுக்கும் எட்டு வயதுக் கோடு அப்படியே இருக்கிறது. மாதக்கணக்கில் எடுக்கவேண்டிய நோய்களுக்கு டாக்சிசைக்ளினும் சிறு குழந்தைகளுக்கு ஆகாது.

தராசின் மறுதட்டையும் பார்க்க வேண்டும். ஸ்க்ரப் டைபஸ் கிருமி நம் உடலின் செல்களுக்குள் குடியேறி வாழ்வது. அமாக்சிசிலின், செஃபிக்சிம், மருத்துவமனையில் ஊசியாகப் போடும் செஃப்ட்ரியாக்சோன் ஆகிய எதுவும் அதன்மேல் வேலை செய்யாது. நான்கு நாட்கள் அமாக்சிசிலின் கொடுத்தும் காய்ச்சல் அசையாததற்கு அதுவே காரணம். சரியான மருந்து கிடைக்காமல் இரண்டாம் வாரத்துக்குள் நுழைந்தால் நுரையீரல், இதயத் தசை, மூளை, சிறுநீரகம் என்று எதையும் அது தாக்கக்கூடும், உயிரும் போகும். அதனால் ரத்தப் பரிசோதனை முடிவுக்குக்கூடக் காத்திராமல், அறிகுறிகளை வைத்தே மருந்தைத் தொடங்கிவிட வேண்டும் என்பதே நடைமுறை.

அசித்ரோமைசினும் இந்த நோய்க்கு வேலை செய்யும் மருந்துதான். பல் பற்றிய கேள்வியே எழாது என்பதால் சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதைத் தேர்ந்தெடுக்கும் மருத்துவர்கள் பலர். அவர்கள் செய்வதில் பிழையில்லை. நான் டாக்சிசைக்ளின் பக்கம் சாய்வதற்கு வயற்காடே காரணம். முழங்கால் தண்ணீரில் நிற்கும் நம் ஊரில் எலிக்காய்ச்சலும் உண்டு. உண்ணியால் வரும் புள்ளிக் காய்ச்சலும் உண்டு. முதல் நாளில் இவற்றைப் பிரித்தறிவது எளிதன்று. டாக்சிசைக்ளின் மூன்றுக்கும் கேட்கும்; புள்ளிக் காய்ச்சலில் அசித்ரோமைசினை அந்த அளவுக்கு நம்ப முடியாது.

அளவும் அதில் நேரும் தவறுகளும்

பையனின் எடை 18 கிலோ. ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு நாலரை மில்லிகிராம் என்றால் 81 மில்லிகிராம். இரண்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு ஏறத்தாழ 40 மில்லிகிராம். சிரப்பில் 5 மில்லிக்கு 50 மில்லிகிராம் இருக்குமானால் 4 மில்லி கொடுக்க வேண்டும். 5 மில்லிக்கு 25 மில்லிகிராம் உள்ள பாட்டிலாக இருந்தால் அதே 4 மில்லி பாதி மருந்தாகத்தான் போகும். காய்ச்சல் இறங்காது, மருந்து பலிக்கவில்லை என்று வேறு மருந்துக்கு ஓடுவார்கள். எனவே நான் சீட்டில் மில்லியோடு மில்லிகிராமையும் எழுதுவேன். கடையில் வேறு பாட்டில் கொடுத்தால் திரும்ப வந்து கேட்கச் சொல்வேன். சிரப் எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. கிடைக்காதபோது 100 மில்லிகிராம் மாத்திரையை எப்படிப் பிரிப்பது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

விழுங்கும் முறையிலும் கவனம் வேண்டும். மாத்திரையோ காப்ஸ்யூலோ உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கே புண்ணாகி, எச்சில் விழுங்கவே வலிக்கும். உட்கார்ந்த நிலையில் போதுமான தண்ணீரோடு கொடுத்து, அரை மணி நேரமாவது படுக்கவிடாமல் இருக்க வேண்டும். வெறும் வயிற்றில் குமட்டினால் இட்லியோ கஞ்சியோ கொடுத்த பிறகு தரலாம். பால், மருந்து உடலில் சேர்வதைச் சற்றே குறைக்கும். ஆனால் இரும்புச்சத்து மாத்திரை கணிசமாகக் குறைத்துவிடும். பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை அந்த ஒரு வாரம் தவிர்க்கச் சொல்லிவிடுவேன். இந்த மருந்து எடுக்கும்போது சிலருக்கு வெயில் பட்ட தோல் சிவந்து எரியும் என்பதால், களத்துமேட்டு விளையாட்டுக்கும் ஒரு வாரம் விடுமுறை.

மருந்து சரியாகப் போய், நோயும் நாம் நினைத்த நோயாகவே இருந்தால், பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்கிவிடும். இந்த நோயில் அது எவ்வளவு வழக்கமானது என்றால், இரண்டு நாளில் இறங்காவிட்டால் நான் என் கணிப்பையே மறுபடியும் சந்தேகப்படுவேன்: வேறு நோயா, அளவு தவறியதா, வாந்தியில் மருந்து போய்விட்டதா, உள்ளுறுப்பு ஏதாவது பாதிக்கப்பட்டுவிட்டதா என்று. இந்தப் பையனுக்கு இரண்டாம் நாள் இரவே உடம்பு வியர்த்துக் குளிர்ந்தது. மூன்றாம் நாள் காலையில் அவனாகவே சோறு கேட்டான் என்று அப்பாயி சொன்னார். மருந்தை ஏழு நாட்கள் முழுவதும் கொடுத்தோம்.

மஞ்சப்பையிலிருந்த மற்றொரு பாட்டில்

இப்போது அந்தப் பாட்டிலுக்கு வருகிறேன். காய்ச்சலின் முதல் நாளில் பையனுக்கு இரண்டு மூன்று முறை தண்ணீராக வயிற்றால் போயிருக்கிறது. தந்தை கடையில் போய், மருத்துவர் சீட்டு எதுவும் இல்லாமல், “வயித்தால போறதுக்கு ஏதாவது குடுங்க” என்று கேட்டு வாங்கியது ஆஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் கலந்த சிரப். டாக்சிசைக்ளினுக்கு எட்டு வயதுக் கோடு என்றால், ஆஃப்ளாக்சசின் சேர்ந்த ஃபுளோரோகுயினோலோன் குடும்பத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கோடு 18 வயது. உயிர் காக்கும் மருந்துக்குத் தடை சொல்லப்பட்ட அதே வாரத்தில், அதைவிட உயரமான வேலியைத் தாண்டி இந்தப் பாட்டில் வீட்டுக்குள் வந்திருந்தது. எங்கள் பகுதியில் இது அரிய காட்சி இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின் ஆகியவை இந்தக் குடும்பத்தினர். பெயரின் கடைசியில் ‘ஃப்ளாக்சசின்’ என்று வந்தால் அடையாளம் கண்டுகொள்ளலாம். இவர்களின் வயது வரம்புக்கும் பல்லுக்கும் தொடர்பில்லை. இங்கே கவலை மூட்டுகளைப் பற்றியது. 1970களில், வளரும் பருவத்து நாய்க்குட்டிகளுக்கு இந்த வகை மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தபோது, உடல் எடையைத் தாங்கும் மூட்டுகளின் குருத்தெலும்பில் கொப்புளங்களும் தேய்மானமும் ஏற்பட்டன. குட்டிகள் நொண்டின. குருத்தெலும்புக்குத் தேவையான மெக்னீசியத்தை மருந்து பிடித்துவைத்துக்கொள்வது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று விளக்குகிறார்கள். ரத்தக் குழாய்கள் இல்லாத, மெதுவாகவே தன்னைச் சரிசெய்துகொள்ளும் அந்தத் திசுவில் வளரும் வயதில் சேதம் ஏற்பட்டால் என்ன ஆகும் என்ற அச்சத்தில், எலும்பு வளர்ச்சி முடியும் 18 வயதைக் கோடாக வைத்தார்கள்.

குழந்தைகளிடம் என்ன நடந்தது? சிறுநீரகத் தொற்றுக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் கொடுக்கப்பட்ட 335 குழந்தைகளில் 31 பேருக்கு, அதாவது நூற்றுக்கு ஒன்பது பேருக்கு, ஆறு வாரத்துக்குள் மூட்டுவலி போன்ற தொல்லைகள் இருந்தன. வேறு ஆன்டிபயாடிக் எடுத்தவர்களில் அது நூற்றுக்கு ஆறு. வேறுபாடு இருக்கிறது, ஆனால் பெரும்பாலானவை லேசானவை, தாமாகவே சரியாகிவிட்டவை. லெவோஃப்ளாக்சசின் எடுத்த குழந்தைகளை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்து பார்த்ததில், நிரந்தரமான மூட்டுச் சேதம் மற்றவர்களைவிட அதிகமாக இருந்ததாகத் தெரியவில்லை. நாய்க்குட்டியில் கண்டது குழந்தையில் அப்படியே நடக்கவில்லை.

அப்படியானால் இந்தக் கோட்டையும் டாக்சிசைக்ளினைப் போலத் தளர்த்திவிடலாமே என்று தோன்றும். ஓரளவு தளர்த்தித்தான் இருக்கிறார்கள். வேறு மருந்துகளுக்கு அடங்காத கிருமியால் வரும் சிறுநீரகத் தொற்று, மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய், ரத்தமும் சளியுமாகப் போகும் சீதபேதி போன்ற இடங்களில் குழந்தைகளுக்கும் இவற்றைக் கொடுக்கிறார்கள். சீதபேதிக்குச் சிப்ரோஃப்ளாக்சசினை மூன்று நாட்கள் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனமே எழுதியிருக்கிறது. வாய்வழி கொடுக்க வேறு மருந்து இல்லாமல் குழந்தையை ஊசிக்காகவே மருத்துவமனையில் படுக்க வைக்கவேண்டிய நிலையிலும் இது உதவும்.

ஆனால் சாதாரண வயிற்றுப்போக்குக்கு இதைக் கொடுக்க எந்தக் காரணமும் இல்லை. குழந்தைக்குத் தண்ணீராகப் போகும்போது பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். அதன்மேல் எந்த ஆன்டிபயாடிக்கும் வேலை செய்யாது. அங்கே தேவை உப்புச் சர்க்கரைக் கரைசலும், 14 நாட்கள் துத்தநாகமும். மூட்டுக்கு வரக்கூடிய தொல்லை சிறியதே என்றாலும், பயனே இல்லாத இடத்தில் அந்தச் சிறிய தொல்லையை ஏன் வாங்க வேண்டும்? அதைவிடப் பெரிய நஷ்டம் கிருமிகளின் பக்கம் நடக்கிறது. ஒரு காலத்தில் டைபாய்டுக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் சிறப்பாக வேலை செய்தது. இன்று நம் நாட்டு டைபாய்டுக் கிருமிகளில் பெரும்பாலானவை அதற்குப் பழகி எதிர்ப்பைப் பெற்றுவிட்டன. இந்தக் குடும்பத்து மருந்துகளைத் தேவையில்லாமல் அள்ளி இறைத்ததற்கு அதில் பெரும் பங்கு உண்டு. ஆகவே என் பார்வையில், இன்றைக்கு 18 வயதுக் கோடு குருத்தெலும்பைவிட இந்த மருந்துகளின் ஆயுளையே அதிகம் காக்கிறது.

ஏற்கெனவே கொடுத்துவிட்ட பெற்றோர் பதற வேண்டியதில்லை. குழந்தை நொண்டினாலோ, முழங்கால், கணுக்கால், குதிகால் தசைநார் ஆகிய இடங்களில் வலி என்று சொன்னாலோ மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். அப்படி எதுவும் இல்லையென்றால் ஓரிரு நாள் கொடுத்ததால் பின்னாளில் மூட்டு கெட்டுவிடும் என்று அஞ்சத் தேவையில்லை. நம் பையனுக்கு நான்கைந்து வேளைதான் போயிருந்தது. வலி எதுவும் இல்லை. பாட்டிலை அங்கேயே குப்பையில் போடச் சொன்னேன்.

அடுத்த ஆண்டு பொங்கல் முடிந்து, வேறொரு சளிக்காக அவனைக் கூட்டிக்கொண்டு வந்தார் தந்தை. நான் கேட்பதற்கு முன்பே பையனின் உதட்டை விரலால் விலக்கி, புதிதாய் முளைத்திருந்த இரண்டு மேல் முன்பற்களைக் காட்டினார். “பாருங்க டாக்டர், அரிசி மாதிரி இருக்கு. மெடிக்கல்காரர்கிட்டயும் காட்டிட்டேன்” என்றார். பற்கள் வெள்ளையாகத்தான் இருந்தன. அவருடைய மகிழ்ச்சியைக் கெடுக்க மனமில்லாவிட்டாலும், உண்மையைச் சொல்லிவிட்டேன்: அந்த இரண்டு பற்களின் தலைப்பகுதியும் அவனுக்கு ஐந்து வயதாகும்போதே ஈறுக்குள் கட்டி முடிந்திருக்கும், ஆறு வயதில் கொடுத்த எந்த மருந்தும் அவற்றைத் தொட்டிருக்க முடியாது. அந்த மார்கழியில் உருவாகிக்கொண்டிருந்தவை கோரைப்பல்லின் அடிப்பகுதி, இரண்டாம் கடைவாய்ப் பல் போன்றவைதான். இரண்டாம் கடைவாய்ப் பல் 12 வயதில் முளைக்கும். அப்போது கூட்டிக்கொண்டு வாருங்கள், இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம் என்றேன்.